118 மணி நேரம் எழுதியும் புதுப்பிக்க முடியாத பி.எம்.பி.: ஒரு மூன்றாண்டுக் கணக்கின் ஆய்வு

திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழை வழங்குவது அமெரிக்காவின் பென்சில்வேனியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட். சுருக்கமாக பி.எம்.ஐ. என்பார்கள். தேர்வில் ஒருமுறை வென்றுவிட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழ் அல்ல இது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொழில்சார் வளர்ச்சி அலகு எனப்படும் பி.டி.யு. அறுபதைச் சேர்த்துக் காட்டிக் கட்டணமும் செலுத்தினால்தான் அது உயிரோடு இருக்கும். ஒரு மணி நேரக் கற்றல் அல்லது பங்களிப்பு ஒரு பி.டி.யு. ஆகும், கால் மணி நேரத்துக்கு 0.25 என்று பின்னமாகவும் எழுதலாம். மூன்று ஆண்டுகளில் அறுபது மணி நேரம் என்பது கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இருந்தும் கெடு நெருங்கும்போது பலர் தடுமாறுவது ஏன் என்பதை, சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் பணிபுரியும் திட்ட மேலாளர் ஒருவரின் முதல் புதுப்பித்தல் சுழற்சி தெளிவாகக் காட்டுகிறது. அவருடைய பெயரையும் நிறுவனங்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

அவர் தேர்வில் தேறியது 2021 மார்ச் 15. தேறிய நாளிலிருந்தே சுழற்சி தொடங்குவதால், அவருக்கான கெடு 2024 மார்ச் 14 என்று அன்றே முடிவாகிவிட்டது. 2023 செப்டம்பரில், கெடுவுக்கு ஆறு மாதங்கள் இருக்கும் நிலையில், அவர் தம்முடைய எக்செல் தாளைத் திறந்து கூட்டிப் பார்த்தபோது 118 மணி நேரம் வந்தது. தேவையில் ஏறத்தாழ இருமடங்கு. பதிவு செய்வதற்கான ccrs.pmi.org தளத்தில் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கியபோதுதான், அந்தக் கூட்டுத்தொகைக்கும் புதுப்பித்தலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது புரிந்தது.

தாளில் இருந்தது என்ன

அந்தத் தாளில் ஏழு வகையான பதிவுகள் இருந்தன. முதல் வரியில், தேர்வுக்கு முன் படித்த 35 மணி நேரப் பயிற்சி. அடுத்து, முதல் அலுவலகம் 2021இல் நடத்திய இரண்டு நாள் அஜைல் பயிற்சி, 16 மணி நேரம். பிறகு மூன்று ஆண்டுகளில் ஆங்காங்கே பார்த்த ஒரு மணி நேர வெபினார்கள் பதினான்கு, தொழில் சார்ந்த நூல்களைப் படித்த 6 மணி நேரம். பி.எம்.ஐ.யின் சென்னை கிளையில் மாநாட்டு ஏற்பாடுகளுக்காகத் தன்னார்வமாக உழைத்த 20 மணி நேரமும், ஒரு கல்லூரியில் திட்ட மேலாண்மை பற்றிப் பேசிய 3 மணி நேரமும் தனித்தனியாக இருந்தன. இறுதியாக, திட்ட மேலாளராகவே வேலை செய்வதற்காக ஆண்டுக்கு 8 வீதம் மூன்று ஆண்டுக்கு 24.

முதல் வரி முழுவதும் தள்ளுபடியானது. பி.எம்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்க 35 மணி நேரத் திட்ட மேலாண்மைக் கல்வி வேண்டும். புதுப்பித்தலிலும் கல்விப் பிரிவில் குறைந்தது 35 பி.டி.யு. வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல்தான் என்றாலும், அதனால் விளையும் குழப்பம் மிகப் பரவலானது. முன்னது தேர்வுக்கான தகுதி. தேறுவதற்கு முன்பே செலவாகிவிட்டது. பின்னது சுழற்சி தொடங்கிய பிறகு நடந்த கல்வி. சுழற்சிக்கு வெளியே நடந்த எந்தச் செயலும், எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அந்தச் சுழற்சியில் எண்ணப்படாது. எனவே 118 என்பது 83 ஆனது.

அடுத்து விழுந்தது வேலை செய்ததற்கான வரி. தம் தொழிலைச் செய்வதற்கே பி.டி.யு. உண்டு என்பது உண்மைதான். ஆனால் சுழற்சி முழுவதற்கும் சேர்த்து உச்சவரம்பு 8. 2015 டிசம்பரில் விதிகள் மாறுவதற்கு முன் இது ஆண்டுக்கு 5 என்று கணக்கிடப்பட்டு, மூன்று ஆண்டுக்கு 15 வரை கிடைத்தது. மூத்த சகாக்கள் பலர் அந்தப் பழைய நினைவிலேயே ‘ஆண்டுக்கு இவ்வளவு’ என்று சொல்லிக்கொடுக்க, கேட்டவர் புதிய எண்ணைப் பழைய முறையில் பெருக்கிக்கொள்கிறார். இவருடைய 24இல் 16 இப்படித்தான் மறைந்தது.

மீதமிருந்த 8, தன்னார்வப் பணியின் 20, கல்லூரி உரையின் 3 ஆகியவை சேர்ந்து 31. இவை எல்லாம் தொழிலுக்குத் திருப்பித் தருதல் என்ற பொருளில் ‘கிவிங் பேக்’ எனப்படும் பிரிவுக்குள் வருகின்றன. அந்தப் பிரிவு முழுவதற்கும் சேர்த்து உச்சவரம்பு 25. அதாவது வரம்புக்குள் ஒரு வரம்பு: முதலில் வேலைக்கான 8, பிறகு ஒட்டுமொத்தப் பிரிவுக்கான 25. ஆகவே இன்னும் 6 மணி நேரம் கணக்கிலிருந்து கழிந்தது. இந்தப் பிரிவு கட்டாயமில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் விரும்பினால் அறுபதையும் கல்வியிலிருந்தே ஈட்டலாம். ஆனால் அறுபதையும் தன்னார்வப் பணியிலிருந்து ஈட்ட முடியாது.

61 இருந்தும் போதாமை

கழிக்க வேண்டியவற்றைக் கழித்த பின் கல்விப் பிரிவில் 36 மிஞ்சியது: அஜைல் பயிற்சி 16, வெபினார் 14, வாசிப்பு 6. குறைந்தபட்சமான 35ஐ அது தாண்டிவிட்டது. கிவிங் பேக் 25ஐயும் சேர்த்தால் மொத்தம் 61. அறுபதும் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் தளத்தில் அவருடைய சுழற்சி நிறைவடைந்ததாகக் காட்டவில்லை. பலர் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்து உதவி மையத்துக்கு மின்னஞ்சல் எழுதுவது இந்த இடத்தில்தான்.

காரணம், கல்விப் பிரிவுக்குள் இருக்கும் இன்னொரு நிபந்தனை. பி.எம்.ஐ. தன் ‘டேலண்ட் ட்ரையாங்கிள்’ என்ற திறன் முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 பி.டி.யு. கேட்கிறது. 2022 முதல் இந்தப் பக்கங்களின் பெயர்கள் வேஸ் ஆஃப் ஒர்க்கிங், பவர் ஸ்கில்ஸ், பிசினஸ் அக்யூமன். முதலாவது, வேலையைச் செய்யும் முறைகள்: அஜைல், அட்டவணையிடல், இடர் மேலாண்மை போன்றவை. இரண்டாவது, மனிதரோடு பழகும் திறன்கள்: தலைமை, பேச்சுவார்த்தை, பூசல் தீர்த்தல். மூன்றாவது, திட்டம் நடக்கும் தொழிலைப் பற்றிய அறிவு: நிதி, ஒப்பந்தம், சந்தை, துறைசார்ந்த சட்டங்கள். அதற்கு முன் இவை டெக்னிக்கல், லீடர்ஷிப், ஸ்ட்ராட்டஜிக் அண்ட் பிசினஸ் என்ற பெயர்களில் வழங்கின. இவருடைய சுழற்சியின் நடுவிலேயே பெயர் மாறியதால், தாளின் மேற்பாதியில் பழைய பெயர்களும் கீழ்ப்பாதியில் புதிய பெயர்களும் கலந்து கிடந்தன. பெயர்தான் மாறியதே தவிர மூன்று பக்கங்களும் எட்டு என்ற அளவும் அப்படியே தொடர்ந்தன.

மூவெட்டு இருபத்துநான்கு, கல்விக்கான 35இல் மீதி 11ஐ எந்தப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளலாம். இவருடைய 36இல் 32 வேஸ் ஆஃப் ஒர்க்கிங் பக்கத்திலும், 4 பவர் ஸ்கில்ஸ் பக்கத்திலும் இருந்தன. பிசினஸ் அக்யூமன் வெறுமை. கிவிங் பேக் பிரிவிலுள்ள மணி நேரங்கள் முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் நிரப்பாது என்பதால், கல்லூரியில் தலைமைப் பண்பு பற்றியே பேசியிருந்தாலும் அந்த 3 மணி நேரம் பவர் ஸ்கில்ஸுக்கு உதவாது. மென்பொருள் துறையில் இந்தச் சாய்வு ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது என்பது என் கணிப்பு. அலுவலகங்கள் நடத்தும் பயிற்சிகள் பெரும்பாலும் கருவிகளையும் முறைகளையும் பற்றியவை. தேடிப்போகாமலே முதல் பக்கம் நிரம்பி வழியும். மூன்றாவது பக்கத்துக்கு ஒருவர் தாமாகத் தேடிப்போக வேண்டியிருக்கிறது.

இருப்பதை நேர்மையாகப் பிரித்தல்

புதிதாகப் படிக்கப் போவதற்கு முன், ஏற்கெனவே படித்ததைச் சரியாக வகைப்படுத்தியிருக்கிறோமா என்று பார்ப்பதே முறையான அடுத்த படி. ஒரு செயலை ஒரே பக்கத்தில்தான் போட வேண்டும் என்ற விதி இல்லை. நான்கு மணி நேரப் பயிற்சியை 2, 1, 1 என்று மூன்று பக்கங்களுக்கும் பிரிக்கலாம். பி.எம்.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தின் பாடம் என்றால் இந்தப் பிரிவினை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். அதை மாற்ற வழியில்லை. அலுவலகமே நடத்திய பயிற்சி என்றால், உள்ளடக்கத்தைப் பார்த்துப் பதிவு செய்பவரே பிரிக்கிறார்.

அஜைல் பயிற்சியின் நிகழ்ச்சி நிரல் அவருடைய பழைய மின்னஞ்சல் இணைப்பு ஒன்றின் நகலாகக் கிடைத்தது. இரண்டாம் நாள் பிற்பகலின் மூன்று மணி நேரம், குழுவுக்குள் எழும் பூசல்களைக் கையாள்வதையும் கூட்டங்களை வழிநடத்துவதையும் பற்றியதாக இருந்தது. அந்த 3 மணி நேரத்தை பவர் ஸ்கில்ஸுக்கு மாற்றியதில் எந்தத் தவறும் இல்லை, ஏனென்றால் தணிக்கையில் கேட்டால் காட்ட நிரல் கையில் இருக்கிறது. அதே நிரலில் தயாரிப்பின் மதிப்பைப் பற்றி இருபது நிமிடப் பேச்சு ஒன்றும் இருந்தது. அதை நீட்டி இரண்டு மணி நேர பிசினஸ் அக்யூமனாக எழுதலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதை அவர் ஏற்கவில்லை. நிரலில் இருபது நிமிடம் என்று அச்சாகியிருக்கும்போது பதிவில் இரண்டு மணி நேரம் என்று நின்றால், ஐயத்துக்கு உள்ளாவது அந்த ஒரு வரி மட்டுமல்ல, மொத்தப் பதிவும்.

இந்த மறுபிரிப்புக்குப் பின் கணக்கு இப்படி நின்றது: வேஸ் ஆஃப் ஒர்க்கிங் 29, பவர் ஸ்கில்ஸ் 7, பிசினஸ் அக்யூமன் 0. இன்னும் தேவைப்பட்டவை முறையே 0, 1, 8. ஆக, 118இல் தொடங்கிய கணக்கில் உண்மையான பற்றாக்குறை ஒன்பது மணி நேரம். பற்றாக்குறை எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கத்தில் என்பது தெரிந்ததே பெரிய விடுதலையாக இருந்தது. தெரியாதிருந்தால், பழக்கத்தில் இன்னும் பத்து அஜைல் வெபினார்களைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நின்றிருப்பார்.

அக்டோபரில் அவருடைய இப்போதைய நிறுவனம் மேலாளர்களுக்கு வணிக நிதி பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தியது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. அதை அப்படியே 8 என்று எழுதினால் வேலை முடிந்துவிடும் போலத்தான் தோன்றும். ஆனால் மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், இருமுறை தேநீருக்குக் கால் மணி வீதம் அரை மணி நேரம், தொடக்கத்தில் வரவேற்புரைக்கு அரை மணி நேரம் போக, பாடம் நடந்தது 6 மணி நேரம். எழுத வேண்டியதும் அந்த 6தான். மீதி 2ஐ ஒப்பந்த வகைகள், திட்டப் பயன்களை அளவிடுதல் ஆகியவை பற்றிய இரண்டு வெபினார்களிலிருந்தும், பவர் ஸ்கில்ஸுக்கான 1ஐப் பேச்சுவார்த்தை பற்றிய ஒரு வெபினாரிலிருந்தும் பெற்றார். பி.எம்.ஐ.யின் ProjectManagement.com தளத்தில் உறுப்பினர் கணக்கோடு உள்நுழைந்து பார்க்கும் வெபினார்கள் தாமாகவே பதிவாகிவிடும் என்பதால், அவற்றைக் கையாலும் ஒருமுறை ஏற்றிவிடாமல் முதலில் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது. இரட்டைப் பதிவு மொத்தத்தைப் பெருக்கிக் காட்டி, பிறகு நீக்கப்படும்போது கெடுவின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும்.

வேலை மாறியபோது பின்தங்கிய சான்றுகள்

கூட்டலும் கழித்தலும் ஒரு நாளில் முடிந்துவிட்டன. அடுத்த சில மாதங்களில் பெரும்பகுதியைத் தின்றது சான்றுகள்தான். அவர் 2022 ஜூனில் வேலை மாறியிருந்தார். அஜைல் பயிற்சியின் சான்றிதழ் பழைய நிறுவனத்தின் உள் பயிற்சித் தளத்தில் இருந்தது. விலகிய நாளோடு அதற்கான நுழைவு முடிந்துவிட்டது. அதைவிட மோசமாக, பி.எம்.ஐ. கணக்கில் அவர் கொடுத்திருந்தது பழைய அலுவலக மின்னஞ்சல் முகவரி. புதுப்பித்தல் பற்றி வந்த நினைவூட்டல்கள் எல்லாம், யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. கடவுச்சொல் நினைவில் இருந்ததால் உள்ளே நுழைந்து முகவரியை மாற்ற முடிந்தது. அதுவும் மறந்திருந்தால், மீட்பு மின்னஞ்சலும் அந்தப் பெட்டிக்கே போயிருக்கும்.

பி.டி.யு. பதிவு செய்யும்போது சான்றுகளை இணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேதி, தலைப்பு, நடத்தியவர், மணி நேரம், பக்கப் பிரிவினை ஆகியவற்றை நிரப்பினால் போதும். இந்த எளிமைதான் பலரைச் சான்றைச் சேமிக்காமல் விடச் செய்கிறது. ஆனால் பதிவுகளில் ஒரு பகுதி தற்போக்காகத் தணிக்கைக்குத் தெரிவு செய்யப்படுகிறது. அப்போது ஆவணம் கேட்பார்கள். வகுப்பு என்றால் வருகை அல்லது நிறைவுச் சான்று. வாசிப்பு என்றால் எந்த நூல், எப்போது படித்தோம் என்ற குறிப்புகள். தன்னார்வப் பணி என்றால் அந்த அமைப்பின் கடிதம். தொழில் செய்ததற்கு வேலைவாய்ப்புச் சான்றும் பணி விவரமும். வாசிப்பில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனெனில் படித்ததற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. படிக்கும்போதே தேதியிட்டு அரைப்பக்கக் குறிப்பு எழுதுவது தவிர இதற்கு வேறு மாற்று இல்லை. இவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது தற்செயலான நல்வாய்ப்பு.

பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு அவர் எழுதிய கடிதம், அதில் கேட்டிருந்த முறையால், கவனிக்கத்தக்கது. ‘சான்றிதழ் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எங்களிடம் பதிவு இல்லை’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பயிற்சியின் பெயர், இரண்டு நாட்களின் தேதி, தம் பழைய பணியாளர் எண், நிகழ்ச்சி நிரலின் நகல் ஆகியவற்றை இணைத்து, நிறுவனத்தின் கடிதத்தாளில் இரண்டு வரிகள் எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்று அந்த இரண்டு வரிகளையும் தாமே எழுதி அனுப்பினார். அப்படியும் இரண்டு மூன்று நினைவூட்டல்கள் தேவைப்பட்டன. கடிதம் நவம்பர் இறுதியில் வந்தது. சில நாட்களிலேயே, தணிக்கைக்குத் தெரிவானது அதே 16 மணி நேரப் பதிவுதான். நிரலும் கடிதமும் ஒன்றோடொன்று பொருந்தியதால் 13, 3 என்ற பிரிவினை அப்படியே ஏற்கப்பட்டது. கடிதம் வராதிருந்தால் கல்விப் பிரிவு 45இலிருந்து 29க்கு இறங்கியிருக்கும். பவர் ஸ்கில்ஸும் எட்டுக்குக் கீழே போயிருக்கும்.

கட்டணமும் மிச்சமும்

எல்லாம் ஏற்கப்பட்டபின் கல்வி 45, கிவிங் பேக் 25, மொத்தம் 70. தேவை நிறைவேறியதும் கட்டணம் செலுத்துவதற்கான இணைப்பு திறக்கிறது. இவர் செலுத்தியபோது பி.எம்.ஐ. உறுப்பினருக்கு 60 டாலர், உறுப்பினரல்லாதவருக்கு 150 டாலர். பி.டி.யு. நிறைந்ததே புதுப்பித்தல் என்று எண்ணிக் கட்டணத்தை விட்டுவிடுபவர்களும் உண்டு. கெடுவுக்குள் இரண்டும் முடிந்தால்தான் புதுப்பித்தல். அவர் டிசம்பரிலேயே செலுத்திவிட்டார். அதனால் புதிய சுழற்சி டிசம்பரில் தொடங்கிவிடவில்லை. பழையது முடியும் 2024 மார்ச் 14 வரை ஓடி, மறுநாள்தான் புதியது பிறந்தது. முன்கூட்டியே புதுப்பிப்பதால் நாட்கள் எதுவும் வீணாவதில்லை.

தேவைக்கு மேலிருந்த 10 வீணாகவில்லை. சுழற்சியின் மூன்றாம் ஆண்டில், அதாவது கடைசிப் பன்னிரண்டு மாதங்களில், ஈட்டியவற்றில் மிகுந்தவற்றை 20 வரை அடுத்த சுழற்சிக்கு எடுத்துச் செல்லலாம். அவர் 2023 மார்ச் 15க்குப் பிறகு பார்த்த ஐந்து வெபினார்களும், புதிதாக ஈட்டிய ஒன்பதும் சேர்ந்து மூன்றாம் ஆண்டுக் கல்வி 14. ஆகவே 10ஐயும் கொண்டுபோக முடிந்தது. அதே மிச்சம் முதலாம், இரண்டாம் ஆண்டுச் செயல்களால் மட்டுமே வந்திருந்தால் ஒன்றும் நகர்ந்திருக்காது. இந்த விதி தெரிந்தவர்கள், கடைசி ஆண்டில் கிடைக்கும் நீண்ட பயிற்சியைத் தேவை முடிந்துவிட்டது என்று தவிர்ப்பதில்லை.

கெடுவைத் தவறவிட்டிருந்தால் சான்றிதழ் ஓராண்டு இடைநிறுத்தப்பட்டிருக்கும். அந்த ஆண்டில் விடுபட்ட பி.டி.யு.க்களை ஈட்டி மீளலாம். ஆனால் பெயருக்குப் பின்னால் பி.எம்.பி. என்று போடக் கூடாது. சேவை நிறுவனங்களில் இது வெறும் பெயரழகு சார்ந்த செய்தி அல்ல. ஒப்பந்தப்புள்ளியோடு அனுப்பும் தன்விவரங்களில் சான்றிதழ் எண் இருக்கும், வாடிக்கையாளர் பி.எம்.ஐ.யின் பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரைத் தேடிப் பார்க்கலாம். மேலும், இடைநிறுத்தக் காலம் அடுத்த சுழற்சியின் கெடுவைத் தள்ளிவைப்பதில்லை; தாமதமான ஓராண்டு அடுத்த மூன்றாண்டிலிருந்து கழிந்துவிடுகிறது. அந்த ஓராண்டும் தாண்டினால் சான்றிதழ் காலாவதியாகும். மறுபடியும் விண்ணப்பம், கட்டணம், தேர்வு.

இரண்டாம் சுழற்சிக்கான தாள்

இப்போது அவர் வைத்திருக்கும் தாள் பழையதைவிடச் சிறியது. தேதி, செயல், நடத்தியவர், மணி நேரம், பிரிவு, பிறகு மூன்று பக்கங்களுக்கு மூன்று பத்திகள், சான்றுக் கோப்பின் பெயர், தளத்தில் ஏற்றிய தேதி. மொத்தக் கூட்டுத்தொகைக்கென்று ஒரு கட்டமே இல்லை. அதுதான் முன்பு ஏமாற்றியது. மாறாக, வரம்புகளைத் தாளே பார்த்துக்கொள்கிறது. D பத்தியில் மணி நேரமும் E பத்தியில் பிரிவும் இருந்து, தொழில் செய்ததற்கு WP என்றும், ஏனைய கிவிங் பேக் செயல்களுக்கு GB என்றும் குறித்தால், கிவிங் பேக்கின் செல்லுபடியாகும் அளவு இதுதான்:

```
=MIN(25, MIN(8, SUMIFS(D:D,E:E,"WP")) + SUMIFS(D:D,E:E,"GB"))
```

மூன்று பக்கங்களுக்கும் எட்டிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று மட்டும் காட்டும் கட்டங்கள் இருக்கின்றன. G பத்தி பிசினஸ் அக்யூமன் என்றால்:

```
=MAX(0, 8 - SUM(G:G))
```

சான்றுக் கோப்புகளின் பெயரிலேயே தேதி, பக்கம், மணி நேரம் மூன்றும் இருக்கின்றன: `2024-06-08_BA_4.0_nidhi.pdf` என்பது போல. அவை அலுவலகக் கணினியில் இல்லை. சொந்தச் சேமிப்பில் இருக்கின்றன. பி.எம்.ஐ. கணக்கிலும் சொந்த மின்னஞ்சல். அலுவலகப் பயிற்சி முடிந்த அன்றே சான்றிதழையும் நிரலையும் பதிவிறக்கிக்கொள்கிறார். நிரல் இல்லாத சான்றிதழ் பக்கப் பிரிவினையை நிறுவ உதவாது என்பதைத் தணிக்கை கற்றுக்கொடுத்திருந்தது. தளத்தில் ஏற்றுவது காலாண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு இருபது என்ற கட்டாயம் பி.எம்.பி.யில் இல்லாததால் அவர் அப்படித் திட்டமிடவில்லை; முதல் ஆண்டிலேயே பிசினஸ் அக்யூமன் எட்டை முடித்துவிடுவது, மற்றவற்றைப் போகப்போகப் பார்த்துக்கொள்வது என்பதே அவருடைய ஏற்பாடு. தானாகச் சேராத பக்கத்தை முதலில் அடைப்பது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

கொண்டுவந்த 10ஐக் கழித்தால் 2027 மார்ச் 14க்குள் அவர் ஈட்ட வேண்டியது 50. முதல் சுழற்சியின் கோப்புகளை அவர் உடனே அழிக்கவில்லை: சுழற்சி முடிந்து 18 மாதங்கள் வரை சான்றுகளை வைத்திருக்கும்படி பி.எம்.ஐ. சொல்வதால், அந்தக் கோப்புறையின் பெயரிலேயே ‘2025 செப்டம்பர் வரை’ என்று எழுதி வைத்தார்.